ரிஸ்க் ரெஜிஸ்டர்: ரிவ்யூவுக்கு ரிவ்யூ அதே வரிகள். ட்ரிக்கரை எப்படி எழுதுகிறீர்கள்?

பிளானிங்_நிலா

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு அலுவலகக் கட்டடத் தளத்தில், காண்ட்ராக்டர் பக்கம், பிளானிங் இன்ஜினியராக இருக்கிறேன். இரண்டு பேஸ்மென்ட், தரைத்தளம், அதற்கு மேல் எட்டு மாடி. பேஸ்மென்ட் மட்டும் டவரைவிட அகலம், கிட்டத்தட்ட காம்பவுண்டுச் சுவர் வரை போகிறது. குழியின் ஆழம் 7.5 மீட்டர். ஆகஸ்ட் கடைசியில் ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதும் உட்காரும் அடித்தளத் தட்டு, அதன் கான்கிரீட் தொடங்கத் திட்டம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளையண்ட், பிஎம்சி, நாங்கள் எல்லோரும் உட்காரும் ரிவ்யூ இருக்கிறது. அதில் ரிஸ்க் ரெஜிஸ்டரை வாசிப்பது என் வேலை. மொத்தம் 43 வரிகள். நான் வாசிப்பேன், "தொடர்கிறது" என்பார்கள், அடுத்த வரிக்குப் போவேன். ஏப்ரலில் இருந்த ஷீட்டுக்கும் இப்போது இருப்பதற்கும் தேதியைத் தவிர வித்தியாசம் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு வரி, அப்படியே:

"கனமழையால் வேலை தாமதம். வாய்ப்பு: அதிகம். பாதிப்பு: நடுத்தரம். நடவடிக்கை: போதிய பம்புகள் வைக்கப்படும். பொறுப்பு: சைட் டீம். ட்ரிக்கர்: கனமழை. நிலை: தொடர்கிறது."

இதை உருப்படியாக மாற்ற வேண்டும் என்று பிராஜெக்ட் மேனேஜரே சொல்லிவிட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

எண்கணக்கு

நான் ஐடி பக்கம் பிராஜெக்ட் மேனேஜர். ஆனாலும் ரெஜிஸ்டர் எங்கும் ஒன்றுதான். 43 வரியையும் வாசிப்பதுதான் உங்கள் சிக்கல். வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 என்று எண் கொடுங்கள். இரண்டையும் பெருக்கி, பெரிய எண்ணிலிருந்து வரிசைப்படுத்துங்கள். முதல் பத்தை மட்டும் ரிவ்யூவில் பேசுங்கள், மற்றவை ஷீட்டில் கிடக்கட்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்தால் மேலே இருப்பவர்களுக்கும் ஒரு பார்வையில் புரியும்.

பொறுப்பாளர் விஷயத்தில் துறை பெயர் இருப்பது தப்பில்லை. தனி ஆள் பெயர் போட்டால் அவர் லீவில் போகும்போது வரி அநாதையாகிவிடும்.

பாதுகாப்பு_அலுவலர்

நிலா மேடம், இது உங்கள் வேலையே இல்லையே? ரிஸ்க் அசெஸ்மென்ட் பாதுகாப்புத் துறை செய்ய வேண்டியது. ஒவ்வொரு வேலைக்கும் ஆபத்து என்ன, என்ன கவசம், யாருக்குப் பர்மிட் என்று எழுதி, வேலை தொடங்கும் முன் ஆட்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். குழி வேலைக்கு என்னிடம் நல்ல ஃபார்மட் இருக்கிறது. பக்கவாட்டுச் சரிவு, ஏணி, தடுப்புக் கம்பி எல்லாம் வந்துவிடும். வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

பிளானிங்_நிலா

சார், அந்த ஃபார்மட் எங்கள் சேஃப்டி டீமிடம் தனியாக இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அது ஆளுக்கு அடிபடாமல் பார்ப்பது. நான் கேட்பது மொத்தத் திட்டத்தின் காலம், செலவு, தரம் எதில் அடி வாங்கும் என்கிற பட்டியல்.

எண்கணக்கு சார், மார்க் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். முதல் பத்திலும் இதே "தொடர்கிறது"தான்.

கரைமணல்

பேஸ்மென்ட் வேலைகளில் நிறைய காலம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நிலாம்மா, உங்கள் மழை வரியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது மூன்று தனித்தனி ரிஸ்க் இருக்கிறது, அதில் மிகப் பெரியது வெளியே தெரியவே இல்லை.

மழையால் வேலை நிற்பது சின்ன விஷயம். நாலு நாள் போகும், அப்புறம் பிடித்துவிடலாம். உங்கள் தளத்தில் பயப்பட வேண்டியது ராஃப்ட் மிதப்பது. ராஃப்ட்டும் சுற்றுச்சுவரும் போட்டு முடித்ததும் பேஸ்மென்ட் ஒரு காலித் தொட்டி ஆகிவிடுகிறது. வெளியே நிலத்தடி நீர் ஏறினால் அது கீழிருந்து தூக்கும். மேலே மாடிகளின் எடை ஏறாத வரை, தூக்காமல் பிடித்து வைப்பது பம்புகள் மட்டும்தான். ஆகஸ்ட் கடைசியில் ராஃப்ட் என்றால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது உங்களுக்கு மேலே அதிகபட்சம் ஒரு ஸ்லாப் இருக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். உங்கள் கட்டடம் மிகவும் லேசாக இருக்கிற நேரமும் தண்ணீர் மிக மேலே இருக்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன.

இப்போது எண்கணக்கு சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். ராஃப்ட் தூக்குவதற்கு வாய்ப்பு 2, பாதிப்பு 5, மொத்தம் 10. கம்பி விலை ஏறுவதற்கு வாய்ப்பு 4, பாதிப்பு 3, மொத்தம் 12. பட்டியலில் கம்பி விலை மேலே போய்விடும். கம்பி விலை ஏறினால் பணம் போகும். ராஃப்ட் ஒரு பக்கம் தூக்கி விரிசல் விட்டால், உடைத்துப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். மார்க் போடுவதில் தப்பில்லை, ஆனால் எது எப்போது நடக்கும் என்பதை அது சொல்வதில்லை. கம்பி விலையை ஜனவரியிலும் பேசலாம். ராஃப்ட்டைப் பற்றி அக்டோபரில் பேசினால் பயன் இல்லை.

அடுத்தது ட்ரிக்கர். "கனமழை" என்பது ட்ரிக்கரே அல்ல. மழை பெய்யாத நாளிலும் பம்பு நின்றால் தண்ணீர் ஏறும். ஒருவர் போய் அளந்து ஒரு எண்ணைச் சொல்ல முடிய வேண்டும், அந்த எண் வந்ததும் என்ன செய்வது என்பதில் பேச்சுக்கு இடமிருக்கக் கூடாது. உங்கள் இடத்தில் அந்த எண், குழியைச் சுற்றி இருக்கிற அப்சர்வேஷன் கிணறுகளின் நீர்மட்டம். கிணறு போட்டிருக்கிறீர்களா?

பிளானிங்_நிலா

ஆமாம் சார், நாலு மூலையிலும் ஒன்று. டிவாட்டரிங் சப்-காண்ட்ராக்டர் காலையில் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விவரங்கள்: ராஃப்ட் 750 மி.மீ. கனம். மண் அறிக்கைப்படி கோடையில் நீர்மட்டம் தரையிலிருந்து 4.5 மீட்டர் கீழே, மழைக்காலத்தில் 1.5 மீட்டர் வரை ஏறும். இப்போது பம்பு ஓடுவதால் கிணற்றில் 8 மீட்டரில் இருக்கிறது.

கரைமணல்

நல்லது, வேண்டியதெல்லாம் இருக்கிறது. கணக்கைத் தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். இறுதி எண்களை ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்தான் எழுத்தில் தர வேண்டும்.

ஒரு மீட்டர் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் தூக்கும். உங்கள் 750 ராஃப்ட் சதுர மீட்டருக்கு 1.9 டன். அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்லாப்பும் பீம், தூண் எல்லாம் சேர்த்துச் சுமார் 0.9 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை, தூக்கும் விசையைப் போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும். ஆக, எத்தனை ஸ்லாப் முடிந்திருக்கிறது என்பது B2-வில் இருந்தால், தண்ணீர் தரைக்குக் கீழே எந்த ஆழத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது இது:

```
=7.5-(1.9+0.9*B2)/1.2
```

வெறும் ராஃப்ட்டோடு இருக்கும்போது எல்லை 5.9 மீட்டர். ஒரு ஸ்லாப் வந்ததும் 5.2. தரைத்தள ஸ்லாப்போடு இரண்டு ஆனதும் 4.4. கோடை நீர்மட்டம் 4.5 என்றீர்கள். அதனால்தான் நிறைய தளங்களில் "தரைத்தளம் வந்தாச்சு, பம்பை நிறுத்தலாம்" என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். கோடையில் அது மயிரிழையில் சரி. மழைக்காலத்து 1.5 மீட்டருக்கு ஆறு ஸ்லாப் வேண்டும். அதாவது தரைத்தளத்துக்கு மேல் இன்னும் நாலு.

ரிவ்யூவில் எதை அப்டேட் செய்வது என்று குழம்பினீர்கள் அல்லவா? இதைத்தான். ஒவ்வொரு ஸ்லாப் போட்டதும் எல்லை மாறுகிறது, அதோடு ட்ரிக்கரும் மாறுகிறது. ரிவ்யூவில் அந்த வரிக்கு வரும்போது மூன்று கேள்வி: இன்று எத்தனை ஸ்லாப், இப்போதைய எல்லை என்ன, போன ரிவ்யூவிலிருந்து கிணறு எட்டிய மிக உயர்ந்த மட்டம் எது. "தொடர்கிறது" என்று பதில் சொல்லவே முடியாது.

இன்னொன்று. நான் போட்ட கணக்கு டவருக்குக் கீழே மட்டும்தான் செல்லும். உங்கள் பேஸ்மென்ட் டவரைவிட அகலம் என்கிறீர்கள். வெளிப்பகுதியில் என்றைக்கும் இரண்டு ஸ்லாப்தான். எட்டு மாடி எழும்பினாலும் அங்கே எடை ஏறாது. அங்கே ஆங்கர் இருக்கிறதா, மேலே மண் நிரப்புகிறார்களா, டிசைனில் என்ன என்று கேளுங்கள். ஆங்கர் என்றால் அது இழுத்து முடிக்கும் வரை அந்தப் பகுதிக்குப் பம்பு நிற்கக் கூடாது. அதனால் டவருக்கு ஒன்று, வெளிப்பகுதிக்கு ஒன்று என்று இரண்டு வரி வேண்டும். இரண்டும் வேறு வேறு நாளில் மூடப்படும்.

எண்கணக்கு

மார்க் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், எப்போது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் 43 வரிக்கும் இந்த மாதிரிக் கணக்கு போட்டால் பிளானிங் ஆள் வேறு வேலையே பார்க்க முடியாதே?

கரைமணல்

43-க்கும் வேண்டாம். நிறைய வரிகள் ரிஸ்க்கே இல்லை. "வரைபடம் தாமதம்" ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்றால் அது பிரச்சினைப் பட்டியலுக்குப் போக வேண்டும். "தரம் குறையலாம்" மாதிரி வரியை எடுத்துவிடலாம், அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. வடிகட்டினால் பதினைந்துக்குள் வரும். அதில் அடுத்த ஆறு வாரத்துக்குள் ட்ரிக்கர் வரக்கூடியது நாலோ ஐந்தோ. அவ்வளவுதான் ரிவ்யூவில் வாய்விட்டுப் பேச வேண்டியது.

பொறுப்பாளர் பெயரில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். துறை பெயர் போட்டால் வரி முதல் நாளிலிருந்தே அநாதை. ஒரு ஆள் பெயர், அவர் லீவில் இருந்தால் மாற்று ஆள் பெயர், இரண்டும் ஷீட்டில் இருக்கட்டும். அந்த ஆளுக்கு அதிகாரமும் இருக்க வேண்டும். பம்பு ஆபரேட்டரைப் பொறுப்பாளர் ஆக்கினால், டீசல் வாங்கக்கூட அவர் இன்னொருவரைக் கேட்டு நிற்பார். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் பொறுப்பாளர், கிணறு அளப்பது ஷிப்ட் சூப்பர்வைசர், ஜெனரேட்டர் பிளான்ட் இன்சார்ஜ் என்று பிரியுங்கள்.

கோவை_மின்பணி

ரெஜிஸ்டர் என்றதும் எனக்கு எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வரிதான் ஞாபகம். மழை, குழி எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் எலக்ட்ரிக்கல் பார்த்தேன். "டிரான்ஸ்ஃபார்மர், எச்டி பேனல் வருவதில் தாமதம்" என்று வரி. ட்ரிக்கர் என்று எழுதியிருந்தது "டெலிவரி தாமதமானால்". டெலிவரி தாமதமாகிவிட்டது என்று தெரியும் நாளில் செய்ய என்ன இருக்கிறது? கட்டடம் முடிந்து, ஏசி ஓட்டிப் பார்க்க மின்சாரம் இல்லாமல், வாடகை ஜெனரேட்டரில் ஓட்டினோம்.

அடுத்த வேலையில் பின்னாலிருந்து எண்ணினோம். மின் இணைப்பு வேண்டிய நாள். அதிலிருந்து பொருத்தல், சோதனை, மின் ஆய்வாளர் பார்வை, தொழிற்சாலையில் தயாரிக்கும் காலம், டிராயிங் அப்ரூவல் எல்லாவற்றையும் கழித்தால் ஆர்டர் போட வேண்டிய கடைசி நாள் வரும். வேண்டிய நாள் H-ல், மொத்த முன்நாட்கள் J-ல் இருந்தால்:

```
=IF(H2="","",H2-TODAY()-J2)
```

இந்த எண் 30-க்குக் கீழே வந்ததும் பொறுப்பாளர் கிளையண்ட்டிடம் நேரில் போய் அப்ரூவல் கேட்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் அது ரிஸ்க் இல்லை, நடந்து முடிந்த தாமதம். ரிவ்யூவில் அந்த ஒரு பத்தியை மட்டும் பார்த்தாலே போதும், யாரை எழுப்பிக் கேள்வி கேட்பது என்று தெரிந்துவிடும். ஆனால் சப்ளையர் புது டெலிவரி காலம் சொல்லும் ஒவ்வொரு முறையும் J-ஐ மாற்ற வேண்டும். முதல் கொட்டேஷனில் இருந்த எண்ணையே கடைசி வரை வைத்திருந்தால் ஷீட் பச்சையாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

பிளானிங்_நிலா

இரண்டு ஃபார்முலாவையும் எடுத்துக்கொண்டேன், நன்றி. கரைமணல் சார், ஒரு சந்தேகம். ஒரு ஸ்லாப் இருக்கும்போது எல்லை 5.2 என்றால், ட்ரிக்கரில் 5.2 என்றே எழுதலாமா?

கரைமணல்

கூடாது. 5.2-ல் எழுப்பினால், ஆட்கள் கண்ணைக் கசக்கி எழுந்து வருவதற்குள் அது 4.8 ஆகியிருக்கும். மேலே கோவை நண்பர் நாட்களில் செய்ததையே இங்கே மணிக்கணக்கில் செய்யுங்கள்.

முதலில், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரிய வேண்டும். ராஃப்ட் போடும் முன், மழையில்லாத நாளில், பம்புகளை ஒரு மணி நேரம் வேண்டுமென்றே நிறுத்தி, நாலு கிணற்றையும் கால் மணிக்கு ஒருமுறை அளங்கள். மணிக்கு 25 செ.மீ. ஏறுகிறது என்று வையுங்கள். மழைக்காலத்துக்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், 50 செ.மீ. பதில் நடவடிக்கைக்கு என்ன நேரம்? போன் அடித்து, முடிவெடுத்து, பேஸ்மென்ட்டில் இருப்பவர்களை வெளியேற்ற ஒரு மணி, செய்து முடிக்க அரை மணி. ஒன்றரை மணிக்கு 75 செ.மீ. ஆக எல்லைக்கு 75 செ.மீ. கீழேயே, ஏறக்குறைய 6 மீட்டரில், செயல் ட்ரிக்கர். அதற்கும் முன்னால் 7 மீட்டரில் ஒரு எச்சரிக்கை. 8-ல் நிற்க வேண்டிய தண்ணீர் 7-க்கு வந்தால் ஏதோ ஒரு பம்பு சரியில்லை என்று அர்த்தம், அதை அப்போதே சரிசெய்துவிடலாம்.

காலையில் ஒரே ஒரு அளவீடு என்பது இந்த வேகத்துக்குப் போதாது. மழைக்காலத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த நாளில் மணிக்கு ஒருமுறை. அந்த எச்சரிக்கையையும் வரியில் ஆயத்தத்துக்கான அடையாளமாக எழுதிவையுங்கள். வந்ததும் டீசல் டேங்க் நிரம்ப வேண்டும், இரண்டாவது ஜெனரேட்டரை உண்மையான சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஜெனரேட்டர் உயரமான பீடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தில் டீசல் வண்டி உள்ளே வராது. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செயல் ட்ரிக்கர் வந்ததும் செய்வது என்ன? பம்புகள் தோற்றுவிட்டால் ஒரே வழிதான், தண்ணீரை நாமே பேஸ்மென்ட்டுக்குள் விடுவது. உள்ளே வரும் ஒவ்வொரு மீட்டர் தண்ணீரும் ஒரு டன் எடை. சேறு அள்ளி, கழுவி, மறுபடி தொடங்க இரண்டு வாரமாவது போகும். ஆனால் ராஃப்ட் பிழைக்கும். அதற்கு ராஃப்ட்டுக்குள் செங்குத்தாக 100 மி.மீ. ரிலீஃப் பைப்கள் மூடியோடு வைத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் அடியில் இருக்கும் அழுத்தம் அதன் வழியே வெளியேறும். இந்தப் பைப்பை கான்கிரீட் போட்ட பிறகு வைக்க முடியாது. அதாவது உங்கள் அக்டோபர் பதில் திட்டத்துக்கு முடிவெடுக்க வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட்டில், ராஃப்ட் ஊற்றும் முன். இந்தத் தேதியும் ரெஜிஸ்டரில் தனிப் பத்தியாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கேட்டுத் திறப்பது? ஷிப்ட் இன்சார்ஜுக்கு, "6 மீட்டர் வந்தால், பம்பு திரும்ப ஓடாவிட்டால், நானே திறக்கலாம்" என்று பிராஜெக்ட் மேனேஜர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முடிக்கிற கட்டத்தில் இருக்கும் பேஸ்மென்ட்டில் தானாகத் தண்ணீர் விட எந்தச் சூப்பர்வைசரும் துணிய மாட்டார்.

மண்ணியல்_மாணவன்

ஜியோடெக் படிக்கிறேன். ஒன்று சேர்க்கலாமா? பம்பு போடுவதே ஒரு பதில் நடவடிக்கை, ஆனால் அதுவே புது ரிஸ்க்கைக் கொண்டுவருகிறது. நீர்மட்டத்தை 8 மீட்டர் வரை இறக்கினால் பக்கத்து வீட்டுக்கு அடியிலும் இறங்கும். தண்ணீர் இறங்கும்போது மண் இறுகும். களிமண் அடுக்கு இருந்தால் பக்கத்துக் கட்டடம் உட்காரலாம், சுவரில் விரிசல் வரலாம். மணல் என்றால், பம்பு மணலையும் சேர்த்து இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே வரும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துத் தெளியவிட்டால் அடியில் மணல் தங்குகிறதா என்று தெரியும்.

கரைமணல்

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. அதுதான் நான் சொன்ன மூன்றில் இரண்டாவது. மூன்றாவது குழியின் பக்கவாட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானக் குழி சரிந்து இருவர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நிலா, இந்த இரண்டுக்கும் தனித்தனி வரி, தனித்தனிப் பொறுப்பாளர். பக்கத்து வீட்டு வரிக்கு ட்ரிக்கர் அங்கே பதித்த செட்டில்மென்ட் மார்க்கர் அளவு. எத்தனை மி.மீ. என்று ஜியோடெக் கன்சல்டன்ட் சொல்லட்டும். பம்பு தொடங்கும் முன்பே அந்த வீட்டைப் படம் எடுத்து வைத்தீர்களா?

பிளானிங்_நிலா

எடுத்திருக்கிறோம் சார், வீட்டு உரிமையாளர் கையெழுத்தோடு. மார்க்கர் இல்லை. இந்த வாரமே கேட்கிறேன்.

பாதுகாப்பு_அலுவலர்

முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இதில் எங்கள் வேலையும் இருக்கிறது. ராத்திரி ரிலீஃப் பைப் மூடியைத் திறக்க இறங்குகிறவர் யார், எப்படி வெளியே வருவார்? கீழ்த்தளத்தில் தற்காலிக மின் வயர்கள் தரையில் கிடக்கும். தண்ணீர் விடும் முன் அந்த லைனை மேலிருந்து துண்டிக்க வேண்டும், துண்டித்தால் விளக்கும் போய்விடும். பேட்டரி விளக்கு வேண்டும். ஆள் எண்ணிக்கைப் பதிவேடு இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. "அரை மணி" என்று சார் சொன்னதை ஒருமுறை பகலில் ஒத்திகை பார்த்து நேரம் எடுங்கள். எனக்கு அது முக்கால் மணிக்குக் குறையாது என்று தோன்றுகிறது.

கரைமணல்

ஒத்திகையில் முக்கால் மணி என்று வந்தால் ட்ரிக்கரை 6-லிருந்து இன்னும் கீழே, 6.1-க்கு மாற்ற வேண்டும். அதுதான் முறை.

ஒப்பந்தக்_கணக்கர்

எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் கிளையண்ட் உட்காரும் ரிவ்யூவில் திரையில் காட்டுவீர்களா? நான் காண்ட்ராக்டர் பக்கம் க்ளெய்ம் பார்க்கிறவன். "செப்டம்பரிலேயே உங்களுக்குத் தெரியும், உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறது" என்று பின்னால் நம் வரியை நமக்கு எதிராக நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ரெஜிஸ்டர் வைப்பதுதான் நடைமுறை.

எண்கணக்கு

இரண்டு ஷீட் வைத்தால் ஒன்றை மட்டும் அப்டேட் செய்வார்கள், அது எது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் துறையில் பார்த்தது.

கரைமணல்

ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஃபிடிக் 2017 பதிப்பில் 8.4-ம் பிரிவே, வேலையைப் பாதிக்கக்கூடியது தெரிந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது. அது இரு தரப்புக்கும், இன்ஜினியருக்கும் பொருந்தும். என்இசி4-ல் அந்தப் பட்டியலின் பெயரே முன்னெச்சரிக்கைப் பதிவேடு. சொல்லாமல் விட்டால்தான் அடி.

ஒப்பந்தக்_கணக்கர்

அந்த ஒப்பந்தங்களில் சரி. இங்கே தனியார் வேலைகளில் பாதிக்கு மேல் கிளையண்ட் எழுதிய சொந்த ஒப்பந்தம்தான். அதில் அந்த மாதிரிப் பிரிவு இருக்காது, மழை முழுக்கக் காண்ட்ராக்டர் தலையில் என்று இருக்கும். தொழில்நுட்ப வரிகளைக் காட்டுங்கள், செலவுப் பத்தியையும் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிய தொகையையும் காட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

கரைமணல்

செலவுப் பத்தியை மறைப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ட்ரிக்கரையும் பொறுப்பாளரையும் மறைத்தால் ராத்திரி போன் எடுக்க வேண்டிய கன்சல்டன்ட்டுக்கே விஷயம் தெரியாது. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

பிளானிங்_நிலா

இன்று ரிவ்யூ முடிந்தது. 43 வரி 16 ஆனது. ஒன்பது பிரச்சினைப் பட்டியலுக்குப் போனது, மீதியை எடுத்துவிட்டோம். மழை வரி இப்போது நாலு வரி. முதல் வரி இப்படி:

"டவர் பகுதியில் ஆறு ஸ்லாப் முடியும் முன் டிவாட்டரிங் நின்று, நீர்மட்டம் எல்லையைத் தாண்டி, ராஃப்ட் தூக்கி விரிசல் விடலாம். பொறுப்பாளர்: கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்; மாற்று: பிளான்ட் இன்சார்ஜ். இப்போதைய ஸ்லாப்: 0, எல்லை 5.9 மீ. எச்சரிக்கை: எந்தக் கிணற்றிலும் 7.2 மீ. செயல்: 6.7 மீ. எச்சரிக்கையில்: மாற்றுப் பம்பு, இரண்டாம் ஜெனரேட்டர், அளவீடு கால் மணிக்கு ஒருமுறை. செயலில்: ஆள் எண்ணி வெளியேற்றி, மின் லைன் துண்டித்து, ரிலீஃப் பைப் திறப்பு, அதிகாரம் ஷிப்ட் இன்சார்ஜுக்கு, கடிதம் இணைப்பில். முடிவெடுக்கக் கடைசி நாள்: ராஃப்ட் கம்பி கட்டத் தொடங்கும் முன். மூடுவது: ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டின் எழுத்துக் கடிதத்தோடு மட்டும்."

வெறும் ராஃப்ட்டுக்கு எல்லை 5.9 என்பதால் செயல் ட்ரிக்கரை அதற்கு ஏற்ப 6.7-ல் வைத்தேன். ரிவ்யூவில் இந்த வரிக்கே இருபது நிமிடம் போனது. பிஎம்சி ஆள் நோட்டை வாங்கிப் பார்த்தார். வடகிழக்கு மூலைக் கிணற்றில் போன வாரம் ஒருநாள் 7.4 வரை ஏறியிருக்கிறது. ஒரு பம்பின் ஃபுட்வால்வ் அடைத்திருந்ததாம், யாரும் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. ரிலீஃப் பைப் வைத்தால் ராஃப்ட் வாட்டர்ப்ரூஃபிங் அந்த இடத்தில் ஒழுகும், உத்தரவாதம் தர மாட்டேன் என்று வாட்டர்ப்ரூஃபிங் ஏஜென்சி சொல்கிறது. கிளையண்ட்டும் தயங்குகிறார்.

கரைமணல்

அவர்கள் பயம் நியாயமானது. பைப்பைச் சுற்றி ராஃப்ட்டின் நடுக் கனத்தில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் படில் ஃபிளேன்ஜ் வெல்டிங் செய்து வைக்க வேண்டும், மெம்ப்ரேன் பைப்பில் ஏறி கிளாம்ப்பில் முடிய வேண்டும், மூடும்போது சுருங்காத கிரவுட். ஒழுங்காகச் செய்தால் ஒழுகாது, அவசரத்தில் செய்தால் ஒழுகும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். எத்தனை பைப், எங்கே என்பதைக் கன்சல்டன்ட் சொல்லட்டும், எண்ணிக்கை குறைந்தால் ஏஜென்சியும் இறங்கி வரும். "ரிலீஃப் பைப் இடத்தில் கசிவு" என்று இதையும் ஒரு வரியாகப் போடுங்கள். பொறுப்பாளர் அந்த ஏஜென்சியின் சைட் இன்ஜினியர், ட்ரிக்கர் பம்பு நிறுத்திய பின் முதல் ஈரத் தடம்.

கிளையண்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், பதில் திட்டத்தில் பைப் பகுதியை எடுத்துவிட்டு மூன்றாவது ஜெனரேட்டரும் 48 மணி நேர டீசலும் எழுதுங்கள். செலவு யாருடையது என்பதை ஒப்பந்தக்_கணக்கர்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தக்_கணக்கர்

அவர் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் கேட்கலாம். வாயால் சொன்னால் கேட்க முடியாது. ரிவ்யூ மினிட்ஸில் அந்த வாக்கியம் வந்ததா நிலா?

பிளானிங்_நிலா

"பரிசீலிக்கப்படும்" என்று வந்திருக்கிறது. அடுத்த ரிவ்யூவுக்கு முன் கம்பி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நாளைக்கே கன்சல்டன்ட்டையும் சேர்த்துத் தனியாக மீட்டிங் கேட்டிருக்கிறேன்.